பால் வியாபாரக் கணக்கு: ஃபேட்டில் கொள்முதல், லிட்டரில் விற்பனை

2025 மார்ச் 3, திங்கள்

காலைக் கொள்முதல் 60 கிலோ, எல்லாம் பசும்பால். ஃபேட், அதாவது பாலில் உள்ள கொழுப்பு, சராசரி 4.2 சதவீதம். கிலோவுக்கு ஃபேட் ஒரு பாயிண்ட்டுக்கு 9 ரூபாய் என்று பேசியிருப்பதால் கிலோ 37.80, மொத்தம் 2,268 ரூபாய்.

பாலை நிறுத்து வாங்கி அளந்து விற்பதால் 60 கிலோ 60 லிட்டர் ஆகாது. ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ எடை இருக்கும். 60ஐ 1.03ஆல் வகுத்தால் 58 லிட்டரும் கொஞ்சமும்தான் வரும். கேன் அடியில் ஒட்டுவது, ஊற்றும்போது சிந்துவது எல்லாம் போக 58 லிட்டர் விற்றது. லிட்டர் 50 ரூபாய், வரவு 2,900. மிச்சம் 632. பெட்ரோலும் கேன் கழுவும் செலவும் சேர்த்து 150 போக, கையில் நின்றது 482.

அளக்கும்போது தாராளமாக விடும் சொட்டுப் பாலையும் கணக்கில் வைக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி கூடப் போனாலே 58 லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும்.

மார்ச் 4, செவ்வாய்

அதே 60 கிலோ, அதே 58 லிட்டர், அதே 2,900 வரவு. ஆனால் கையில் நின்றது 266தான். சராசரி ஃபேட் 4.6 ஆனதே காரணம். கிலோ 41.40 ஆகி, கொள்முதல் 2,484க்குப் போய்விட்டது.

விற்பனை விலை அசையாமல் நிற்கும்போது, 60 கிலோவில் ஃபேட் 0.1 ஏறினால் 54 ரூபாய் கையைக் கடிக்கும். பால் கெட்டியாக இருக்கிறது என்று வாங்குபவர் சந்தோஷப்படுகிற நாளில் விற்பவருக்கு வருமானம் குறையும். இந்த வியாபாரத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தண்ணீர் ஊற்றி 4.2க்கு இறக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்கு 5.7 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஃபேட் சரியாகும், ஆனால் எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள், 8.5 இருந்தது 7.8க்கு விழும். பசும்பாலுக்கு 8.3 இருக்க வேண்டும். லாக்டோமீட்டரை விட்டதும் தெரிந்துவிடும். அதோடு அது கலப்படம்.

மார்ச் 5, புதன்

ஃபேட் ஏறியதன் காரணம் வீட்டு வாரிச் சீட்டைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு வீட்டில் பசு வற்றிவிட்டது. இப்போது அங்கிருந்து வருவது எருமைப் பால்: 12 கிலோ, ஃபேட் 6.5. அதன் விலை கிலோ 58.50. அதைப் பொதுக் கேனில் ஊற்றி லிட்டர் 50க்கு விற்றால், ஊற்றும்போதே நஷ்டம்.

இன்று அந்த 12 கிலோ தனிக் கேனில் போனது. கெட்டிப் பால் கேட்கும் டீக்கடைகளுக்கு எருமைப் பால் என்று சொல்லி லிட்டர் 70க்குக் கொடுத்ததில் 11.5 லிட்டருக்கு 805 வந்தது. கொள்முதல் 702 போக 103 மிச்சம். பொதுக் கேனில் விற்றிருந்தால் 575தான் வந்திருக்கும். ஒரே பாலில் 230 ரூபாய் வித்தியாசம், கூடுதல் செலவு ஒரு கேன் கழுவுவது மட்டும்.

சராசரி போடும் முறையிலும் கவனம் வேண்டும். 20 கிலோ 3.8, 5 கிலோ 5.0 என்றால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 4.4 என்று எழுதக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக் கிலோவையும் அதன் ஃபேட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். சரியான விடை 4.04.

மார்ச் 7, வெள்ளி

வீட்டு வாரிக் கணக்கில் சராசரி 4.4. எல்லாம் சேர்ந்த கேனிலிருந்து எடுத்த சாம்பிள் 4.1. இரண்டும் 0.1க்குள் ஒத்துப்போக வேண்டும். 0.3 விலகினால் எங்கோ ஒரு வீட்டு ரீடிங் தப்பு.

பெரும்பாலும் சாம்பிள் எடுக்கும் விதத்தில்தான் பிசகும். கறந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். மேலாக மொண்டால் ஃபேட் கூடக் காட்டும், விலையும் கூடும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றிவிட்டுத்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். ஆனால் நுரையோடு மெஷினில் வைத்தால் அதுவும் தப்பாகவே காட்டும், நுரை அடங்கட்டும்.

இதே காரணத்தால்தான் தெருவிலும் தகராறு வருகிறது. கேனைக் கலக்காமல் மேலிருந்து மொண்டு ஊற்றினால் முதல் வீடுகளுக்குக் கெட்டியும் கடைசி வீடுகளுக்கு நீர்த்ததும் போகும். நாலு வீட்டுக்கு ஒருமுறை அடிவரை கலக்கினால் அந்தப் பேச்சே வராது.

மார்ச் 9, ஞாயிறு

6 லிட்டர் விற்காமல் நின்றது. மதியம் வரை கேனில் வைத்தால் திரிந்துவிடும் என்பதால் காலையிலேயே பால் கொள்முதல் சென்டருக்குப் போனது. அங்கே ஃபேட் விலைதான் கிடைக்கும், அதாவது போட்ட முதல் திரும்பும், லாபம் மட்டும் போகும். மாலைப் பாலோடு கலந்து ஓட்டியிருந்தால் அந்தக் கேன் முழுவதுமே ஆபத்தில் இருந்திருக்கும். கொள்முதலின்போது ஒரு வீட்டுப் பாலில் சந்தேகம் வந்தால், அதை ஒரு டெஸ்ட் டியூபில் 5 மில்லி எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். திரிந்தால் அந்த வீட்டுப் பால் கேனுக்குள் போகவே கூடாது.