மூண்டும் தனித்தனியாச் சரிதானே, சேர்?

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிழை திருத்தும் பயிற்சியில் "ஷி லைக்ஸ் ஸ்விம்மிங், டு சைக்கிள் அண்ட் ரீடிங்" என்று எழுதிப் போட்டால், வகுப்பே "சைக்கிளிங்!" என்று கத்தும். இரண்டு 'இங்' நடுவில் ஒரு 'டு' நின்றால் கண்ணில் படத்தானே செய்யும்.

ஒருநாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "சேர், 'ஷி லைக்ஸ் டு சைக்கிள்' பிழையில்லைத்தானே? மூண்டும் தனித்தனியாச் சரிதானே?"

ஓம், சரிதான். ஒவ்வொன்றையும் வினையோடு தனியே சேர்த்துப் பார் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சோதனை 'எஞ்ஜாய்' வந்தால் உதவும். அதற்குப் பின்னால் 'டு' வராது, ஆகவே பிழை உடனே பிடிபடும். 'லைக்' இரண்டையும் ஏற்கும். இங்கே பிழை எந்தச் சொல்லிலும் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. 'அண்ட்' சேர்த்து வைப்பவை ஒரே வடிவில் இருக்கவேண்டும். தமிழில் "நீந்துவதும், சைக்கிள் ஓட்ட, வாசிப்பதும் பிடிக்கும்" என்று எவரும் எழுதமாட்டார்களே.

அப்படியென்றால் 'இங்'குக்குத்தான் மாற்றவேண்டும் என்றில்லை. "லைக்ஸ் டு ஸ்விம், சைக்கிள் அண்ட் ரீட்" என்று எழுதியவருக்கும் புள்ளி உண்டு. 'டு' முதலில் ஒருமுறை வரலாம், அல்லது மூன்றிலும் வரலாம். "டு ஸ்விம், சைக்கிள் அண்ட் டு ரீட்" என்று இரண்டில் மட்டும் வைத்தால் திரும்பவும் வரிசை குழம்பும். பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்த கிழமை கொஞ்சம் கடினமாக ஒன்று கொடுத்தேன்: "மை பிரதர் லைக்ஸ் ஃபிஷிங் இன் த லகூன், டு ரிப்பேர் பைசிக்கிள்ஸ் அண்ட் பிளேஸ் கிரிக்கெட்." அநேகமானோர் 'ரிப்பேரிங்', 'பிளேயிங்' என்று மாற்றினார்கள். இலக்கணம் சரி, விடையும் சரி. ஆனால் நான் அங்கே கொஞ்சம் நிறுத்துவேன். 'டு ரிப்பேர்' 'லைக்ஸ்' என்பதற்குக் கீழே வருகிறது. 'பிளேஸ்' அப்படியில்லை, அது நேரே 'மை பிரதர்' என்பதோடு சேர்கிறது. அண்ணன் கிரிக்கெட் விளையாடுகிறான் என்றுதான் அது சொல்கிறது. 'பிளேயிங்' என்று மாற்றியதும் அவனுக்கு அது விருப்பம் என்றும் ஆகிவிடுகிறது. பள்ளி அணியில் ஆள் போதாமல் இழுத்து வந்து நிற்கவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பொருளை மாற்றாமல் திருத்துவதானால் பட்டியலை முதல் இரண்டோடு முடித்துவிடவேண்டும்: "மை பிரதர் லைக்ஸ் ஃபிஷிங் இன் த லகூன் அண்ட் ரிப்பேரிங் பைசிக்கிள்ஸ், அண்ட் ஹி பிளேஸ் கிரிக்கெட்." 'அண்ட்' இரண்டு வருவது பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. அழித்துவிடப் பார்ப்பார்கள். முதலாவது இரண்டு விருப்பங்களைச் சேர்க்கிறது, இரண்டாவது இரண்டு வசனங்களைச் சேர்க்கிறது என்று அடிக்கோடு போட்டுக் காட்டினால்தான் விடுவார்கள்.

பரீட்சையில் இவ்வளவு கேட்கமாட்டார்கள், 'பிளேயிங்' என்றே எழுதுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது திருத்தமுன் "எது எதோட சேருது, சேர்?" என்று கேட்கிறாள்.