தொடுகோடு ஒன்றே போதும்: கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி

கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பதை இரண்டு எண்களுக்கு (√a − √b)² ≥ 0 என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். மூன்று எண்கள் வந்ததும் அந்த வழி சிக்கலாகிறது. அதனால் இந்த வாரம் இரண்டாம் வகைக்கெழு வழியாகச் செய்து பார்த்தேன். கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து, வரைபடத்தாளில் y = eˣ வரைந்து ஆரம்பித்தேன்.

எடுத்துக்கொண்ட எண்கள் 2, 4, 8. இவற்றின் பெருக்கம் 64, அதனால் பெருக்குச் சராசரி 4. மூன்றையும் e-யின் அடுக்காக எழுதினால் அடுக்குகள் ln 2, ln 4, ln 8. இந்த அடுக்குகளின் சராசரி m = ln 4. அதாவது eᵐ என்பதே பெருக்குச் சராசரி. பெருக்கல் கணக்கு கூட்டல் கணக்காக மாறும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் x = m-இல் தொடுகோடு போட்டேன்: y = 4 + 4(x − m). மூன்று அடுக்குகளிலும் கோட்டின் உயரம் 1.23, 4, 6.77. வளைவின் உயரமோ 2, 4, 8. கோடு எங்கும் வளைவுக்கு மேலே போகவில்லை. கோட்டின் உயரங்களைக் கூட்டினால் சரியாக 12 வருகிறது. m சராசரி என்பதால் (x − m)-களின் கூட்டுத்தொகை பூச்சியம். மிஞ்சுவது 3 × 4 மட்டும்தான். வளைவின் உயரங்களின் கூட்டுத்தொகை 14. ஆக 14 ≥ 12. மூன்றால் வகுத்தால் கூட்டுச் சராசரி 4.67, பெருக்குச் சராசரி 4. எத்தனை மிகை எண்கள் இருந்தாலும் இதே படிகள்தான்.

கோடு வளைவுக்கு மேலே போகாது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இரண்டாம் வகைக்கெழு வேலை செய்கிறது. வளைவிலிருந்து கோட்டைக் கழித்து g என்று வையுங்கள். g(m) = 0, g′(m) = 0, g″ = eˣ > 0. அப்படியென்றால் g′ ஏறிக்கொண்டே போகிறது: m-க்கு இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை. எனவே g-யின் மிகச் சிறிய மதிப்பு m-இல் வரும் பூச்சியம்தான்.

பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகளிடம் காட்டியபோது, "சித்தப்பா, m-இல மட்டும் இரண்டாம் வகைக்கெழு மிகைன்னு பார்த்தா போதாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போதாது. x³-க்கு x = 1-இல் இரண்டாம் வகைக்கெழு 6; தொடுகோடு 3x − 2. x = −3-இல் கோட்டின் உயரம் −11, வளைவோ −27-க்கு இறங்கிவிடுகிறது. குறி இடைவெளி முழுவதும் மிகையாக இருக்க வேண்டும். eˣ-க்கு எல்லா இடத்திலும் அப்படித்தான்.

எண்களில் ஒன்று பூச்சியமாக இருந்தால் மடக்கை கிடையாது. ஆனால் அப்போது பெருக்குச் சராசரியே பூச்சியம், அதைத் தனியாகச் சொல்லிவிடலாம். இரண்டு சராசரிகளும் சமமாவது எப்போது? g பூச்சியமாவது m-இல் மட்டும். ஆகவே எல்லா அடுக்குகளும் m-ஆக இருக்க வேண்டும், அதாவது எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும்.