ஸீ வியூ என்று காசு வாங்கி கார் பார்க்கிங் காட்டினால்: பதில் எழுதும் முறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு விடுதியின் புக்கிங்கையும் புகார்களையும் வேலூரிலிருந்துதான் பார்க்கிறோம். குடியாத்தத்திலிருந்து போன ஒரு குடும்பத்தார் எழுதியிருந்தார்கள்: "ஸீ வியூ ரூம்னு காசு வாங்கினீங்க. ஜன்னலைத் திறந்தா கார் பார்க்கிங்தான் தெரியுது."

பதிலுக்கு முன்னால் மூன்றைக் கையில் வாங்கிவிட வேண்டும்: வவுச்சரில் உள்ள அறை வகை, கொடுத்த அறையின் எண், அந்த ஜன்னலின் படம். படத்தைப் பகலில், கட்டிலருகே நின்று எடுக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பால்கனி ஓரத்தில் எட்டிப்பார்த்து எடுத்து அனுப்புவார்கள். அதில் கடல் ஒரு கீற்றாகத் தெரியும். அதை நம்பி "தெரிகிறதே" என்று எழுதினால் வருகிற பதில் கோபமாகத்தான் இருக்கும்.

இந்தப் புகாருக்குக் காரணம் அறை எண்ணைப் பார்த்ததுமே பிடிபட்டது. கிழக்குப் பக்க அறைகள் எல்லாம் புக்கிங் தளத்தில் ஒரே வகையாக ஏற்றப்பட்டிருந்தன. இரண்டாம் மாடியில் கடல் தெரியும். தரைத்தளத்தில் கார்களும் மதிலும் மறைக்கும். ரிசப்ஷனில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே வகை, காலியானதைக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்தது பணம். ஸீ வியூ அறை 4,500 ரூபாய், சாதா அறை 3,200. வித்தியாசம் 1,300, இரண்டு இரவுக்கு 2,600. அதன்மேல் அவர்கள் கட்டிய 5% ஜிஎஸ்டி 130. ஆக 2,730. வரியை விட்டுவிட்டு 2,600 மட்டும் அனுப்பினால் இன்னொரு புகார் வரும். கணக்குப் பிரிவு இதற்கு கிரெடிட் நோட் போட வேண்டும்.

அனுப்பிய பதில் இது:

"வணக்கம் ஐயா. நீங்கள் பதிவு செய்தது ஸீ வியூ அறை. உங்களுக்குக் கொடுத்த தரைத்தள அறையிலிருந்து கடல் தெரியாது, கார் நிறுத்துமிடம்தான் தெரியும். தவறு விடுதியுடையது, மன்னிக்க வேண்டுகிறோம். இரண்டு இரவுக்கான வித்தியாசம் வரியோடு 2,730 ரூபாய். நீங்கள் பணம் கட்டிய கணக்குக்கே அதைத் திருப்பி அனுப்புகிறோம். அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணைத் தெரிவிக்கிறோம்."

'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரியை வேண்டுமென்றே தவிர்த்தோம். அதில் யார் தவறு என்பதே இருக்காது. அடுத்த முறை தள்ளுபடி என்பதும் வேண்டாம். கோபத்தில் இருப்பவரை மறுபடி வந்து செலவழிக்கச் சொல்வது போலாகிவிடும். ரிவியூவை நீக்கினால்தான் பணம் என்று நிபந்தனை போடுவது நியாயமே இல்லை.

விடுதிக்காரர், "அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேஸா போடப் போறாங்க?" என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். குடியாத்தம்காரருக்கு அது வேலூர். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. விடுதிதான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் போன அன்றே தரைத்தள அறைகளைத் தனி வகையாக்கி, புக்கிங் தளத்தில் அவற்றுக்குப் போட்டிருந்த கடல் படத்தை எடுத்துவிட்டு, கட்டிலருகே எடுத்த ஜன்னல் படத்தையே போட்டோம்.