பணவீக்கம் வரும் கணக்கில் நான் தேய்மானத்தில் விட்ட மார்க்

சி.ஏ. படிப்புக்காக முதலீட்டு முடிவுக் கணக்குகளைப் போட்டுப் பழகியபோது, நாமினல், ரியல் பாடத்தை நான் ஒரே மாலையில் முடித்துவிட்டேன். நாமினல் என்றால் அந்தந்த ஆண்டில் கையில் வரும் ரூபாய், ரியல் என்றால் பணவீக்கத்தை நீக்கி இன்றைய விலையில் சொல்லும் தொகை. நாமினல் பணவரத்துக்கு நாமினல் விகிதம், ரியல் பணவரத்துக்கு ரியல் விகிதம், இரண்டையும் கலக்கக்கூடாது. அவ்வளவுதானே என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மாதிரித் தேர்வில் அதே பாடத்திலிருந்து ஒரு கணக்கு வந்தது. விதியை மீறாமல்தான் போட்டேன், விடை தப்பு. எங்கே தப்பியது என்று தேடியபோதுதான் இந்தப் பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது.

அந்த மாதிரிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓர் இயந்திரம், விலை ரூ.10,00,000, ஆயுள் 4 ஆண்டு, கடைசியில் மீதி மதிப்பு எதுவும் இல்லை. தேய்மானம் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 2,50,000. வரி 30%. இயந்திரத்தால் வரிக்கும் தேய்மானத்துக்கும் முன் ஆண்டுக்கு 3,30,000 கிடைக்கும், ஆனால் அது இன்றைய விலையில். பணவீக்கம் ஆண்டுக்கு 6%. நிறுவனத்தின் மூலதனச் செலவு 14.48%.

முதலில் இந்த 14.48% எந்த வகை என்று பார்க்க வேண்டும். வங்கி கேட்கும் வட்டியும் பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானமும் வரப்போகும் விலைவாசியைச் சேர்த்தே இருக்கும். அதனால் சந்தையிலிருந்து எடுத்த விகிதம் நாமினல்தான். வினாவில் வேறாகச் சொல்லாதவரை மூலதனச் செலவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரியல் விகிதம் வேண்டுமென்றால் வகுக்க வேண்டும்: 1.1448 ÷ 1.06 = 1.08, அதாவது 8%. இங்கே நிறைய பேர் 14.48-லிருந்து 6-ஐக் கழித்து 8.48% என்று எழுதிவிடுகிறார்கள். சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும், இந்தக் கணக்கில் அதனால் மட்டும் தற்போதைய மதிப்பு ஏறக்குறைய ரூ.8,100 குறைந்துவிடும்.

இப்போது 3,30,000-ஐ எடுப்போம். 30% வரி போனால் 2,31,000. முதல் ஆண்டுக்கு மட்டும் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். நாமினல் வழியில் 2,31,000 × 1.06 = 2,44,860, அதை 1.1448-ஆல் வகுத்தால் 2,13,889. ரியல் வழியில் 2,31,000-ஐ நேரடியாக 1.08-ஆல் வகுத்தால் அதே 2,13,889. மேலே 1.06-ஆல் பெருக்கியதை, 1.1448-க்குள் இருக்கும் 1.06 கீழே அடித்துவிடுகிறது. இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவருக்கு விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இன்றைய விலையில் உள்ள தொகையை 14.48%-ஆல் தள்ளுபடி செய்தால், அதாவது 1.1448-ஆல் வகுத்தால், என்ன ஆகும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்: கீழே அடிக்க ஒரு 1.06 இருக்கிறது, மேலே அதற்கு ஜோடி இல்லை. நல்ல திட்டம்கூட மோசமானதாகத் தோன்றும்.

நான்கு ஆண்டுக்கும் 8%-இல் தள்ளுபடிக் காரணிகளின் கூட்டுத்தொகை 3.312127. அதை 2,31,000-ஆல் பெருக்கினால் 7,65,101. இது வரைக்கும் நானும் சரியாகத்தான் போட்டேன்.

அடுத்து தேய்மானம். ஆண்டுக்கு 2,50,000 தேய்மானம் காட்டுவதால் 30% வீதம் ரூ.75,000 வரி மிச்சம். நான் என்ன செய்தேன்? மேலே ரியல் வழியில் வந்தாகிவிட்டது, அதனால் இந்த 75,000-ஐயும் 2,31,000-உடன் சேர்த்து 3,06,000 என்று எழுதி, மொத்தத்தையும் 8%-ஆல் தள்ளுபடி செய்தேன். 75,000 × 3.312127 = 2,48,410. மொத்தம் 10,13,511. இயந்திரத்தின் விலை 10,00,000-ஐக் கழித்தால் நிகரத் தற்போதைய மதிப்பு, அதாவது என்.பி.வி., +13,511. திட்டத்தை ஏற்கலாம் என்று முடித்தேன்.

தப்பு எங்கே? தேய்மானம் இயந்திரத்தை வாங்கிய விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. நம் வருமான வரிச் சட்டத்திலும் வாங்கிய விலைதான் அடிப்படை, விலைவாசி ஏறினால் அதற்கேற்ப அந்தத் தொகை ஏறாது. நான்காம் ஆண்டிலும் அதே 2,50,000, அதே 75,000. அதாவது 75,000 என்பது இன்றைய விலைத் தொகை அல்ல, அந்தந்த ஆண்டின் கையில் வரும் ரூபாய். இன்றைய விலையில் முதல் ஆண்டில் அது 70,755, நான்காம் ஆண்டில் 59,407 மட்டுமே. வினாத்தாளில் 3,30,000-உம் 2,50,000-உம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று ரியல், மற்றது நாமினல். நான் இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டுவிட்டேன். கலக்கக்கூடாது என்ற விதியைத் தெரிந்துகொண்டே கலந்திருக்கிறேன்.

சரியான வழி: 75,000-ஐ 14.48%-ஆல் தள்ளுபடி செய்ய வேண்டும். காரணி 2.88527, மதிப்பு 2,16,395. அப்போது மொத்தம் 9,81,496. என்.பி.வி. −18,504. ஏற்கலாம் என்று நான் எழுதிய திட்டம் நிராகரிக்க வேண்டிய திட்டம். 3,06,000 முழுவதையும் 6% ஏற்றி 14.48%-ஆல் தள்ளுபடி செய்தாலும் இதே +13,511-தான் வரும், அதனால் மற்ற வழியில் சரிபார்த்தாலும் பிழை பிடிபடாது. இதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

அதிலிருந்து ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதத் தொடங்கினேன்: விலைவாசி ஏறினால் இது ஏறுமா? கூலி, விற்பனை, மூலப்பொருள் ஏறும். தேய்மானம் ஏறாது. ஒப்பந்தத்தில் எழுதி நிர்ணயித்த வாடகை, அந்த ஒப்பந்தம் முடியும்வரை ஏறாது. ஏறாதவை எல்லாம் நாமினல்.

இன்னொன்று. விற்பனை விலை 5%, கூலி 8% என்று தனித்தனி விகிதம் கொடுத்தால், லாபத்தை மொத்தமாக 6% ஏற்றாதீர்கள். முந்தைய 3,30,000-ஐ விற்பனை 10,00,000, கூலி 6,70,000 என்று பிரித்துப் பாருங்கள். நான்காம் ஆண்டில் விற்பனை சுமார் 12,15,500, கூலி சுமார் 9,11,500. மீதி 3,04,000 மட்டுமே. ரூபாய்க் கணக்கிலேயே வரவு இறங்கிவிட்டது. மொத்தமாக 6% ஏற்றியிருந்தால் சுமார் 4,16,600 என்று எழுதியிருப்போம். இந்த மாதிரிக் கணக்கில் நான் ரியல் வழிப் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு வரியையும் அதனதன் விகிதத்தில் ஏற்றி, கழித்து, வரி போட்டு, நாமினல் விகிதத்தால் தள்ளுபடி செய்கிறேன். அட்டவணை நீளம்தான், ஒரு பக்கம் பிடிக்கும். ஆனால் எந்தத் தொகை எந்த ஆண்டு ரூபாய் என்று திருத்துபவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரியல் வழியில் முடித்தே ஆக வேண்டும் என்று வினா கேட்டால், முதலில் நாமினல் அட்டவணை போட்டு, ஒவ்வோர் ஆண்டின் மொத்தத்தையும் பொதுப் பணவீக்கமான 1.06, 1.1236, 1.1910, 1.2625-ஆல் வகுத்த பிறகுதான் 8%-ஐ எடுக்கிறேன்.