ஷாமி கபாப்: உடையாமல் பொரிப்பதும் நடுப்பகுதி வேகும் நேரமும்

ஷாமி கபாப் எண்ணெயில் உடைந்தால், அடுப்பின் சூட்டைக் குறை சொல்வது வழக்கம். ஐதராபாத்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மேல்வீட்டு அம்மா, பொரிக்கும் சட்டியை அடுப்பில் வைப்பதற்கு வெகு நேரம் முன்பே, கறி வெந்த குக்கரைத் திறந்து அதன் அடியில் நிற்கும் தண்ணீரை எனக்குக் காட்டினார். அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை அவர் அடுத்த வேலைக்குப் போகவில்லை. அந்தப் பொறுமைக்கான காரணம் சமைக்கச் சமைக்கத்தான் எனக்கு விளங்கியது.

பச்சைக் கொத்துக்கறியில் உருட்டும் கோப்தாவுக்குப் பிடிப்பைத் தருவது கறியேதான். உப்புச் சேர்த்து அழுத்திப் பிசையும்போது இறைச்சியின் புரதம் கரைந்து பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. சூடு பட்டதும் அது இறுகி உருண்டையைக் கட்டுகிறது. ஷாமி கபாபில் கறியை முன்கூட்டியே வேகவைத்துவிடுகிறோம். ஒருமுறை இறுகிய புரதம் மறுபடி ஒட்டாது என்பதால், வெந்த கறியை எவ்வளவு பிசைந்தாலும் பிடிப்பு வராது. அந்தப் பொறுப்பு கடலைப் பருப்பின் மாவுச்சத்துக்கும் முட்டைக்கும் போய்விடுகிறது. கலவையில் தண்ணீர் மிஞ்சினால் இவ்விரண்டும் நீர்த்துப்போகும்; அது மட்டுமன்றி, எண்ணெயில் அந்த நீர் ஆவியாகி வெளியேறும்போது கபாபின் ஓரங்களைப் பிளந்துகொண்டு வரும்.

நான் செய்யும் அளவு இது: எலும்பும் அதிகக் கொழுப்பும் இல்லாத ஆட்டுக் கொத்துக்கறி 500 கிராம், ஒரு மணி நேரம் ஊறவைத்த கடலைப் பருப்பு 100 கிராம். இவற்றோடு இஞ்சி, பூண்டு, ஒரு வெங்காயம், காய்ந்த மிளகாய், ஏலக்காய், கிராம்பு, பட்டை, மிளகு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் குக்கரில் வேகவைப்பேன். கறியும் தன் நீரை விடும் என்பதால் அதற்குமேல் ஊற்றத் தேவையில்லை. பருப்பு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். ஆனால் கூழாகிவிடக் கூடாது. பிறகு மூடியைத் திறந்து மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், முதலில் கொதிக்கும் ஓசை கேட்கும். நீர் வற்ற வற்ற அது மெல்லிய பொரியும் ஓசையாக மாறும். கரண்டியால் அடியை இழுத்தால் பாத்திரத்தின் அடிப்பரப்பு தெளிவாகத் தெரிந்து, அந்த வழியில் நீர் கசிந்து வராமல் இருந்தால் போதும்.

கலவையை முழுவதும் ஆறவிட்ட பின்னரே, முழு மசாலாவில் பட்டையைப் போன்ற பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு அரைக்க வேண்டும். மிக்ஸியானால் தண்ணீர் விடாமல், விட்டுவிட்டுச் சுற்றி அரைப்பது நல்லது. அம்மியில் அரைத்தால் கறியின் நார் சிதையாமல் நீளமாகப் பிரிவதால், கடிக்கும்போது கிடைக்கும் பதம் வேறாக இருக்கும். நேரம் கிடைக்கும் நாட்களில் நான் அம்மியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஒரு முட்டையை உடைத்துச் சேர்ப்பதும் ஆறிய கலவையில்தான், ஏனென்றால் சூடான கலவையில் முட்டை அங்கேயே திரிந்து, எண்ணெயில் இறுகுவதற்கு எதுவும் மிஞ்சாது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் சிறிது உப்பிட்டு, அது விடும் நீரைப் பிழிந்துவிட்டு, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாயுடன் கலந்துகொள்வேன். கலவை கையில் ஒட்டித் தளர்வாக இருந்தால் ஓரிரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு உதவும். அதற்குமேல் போட்டால் கபாப் உலர்ந்து, கடித்தவுடன் பொடிப்பொடியாக உதிரும்.

ஏறக்குறைய 50 கிராம் எடை, ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்ற அளவில் தட்டி, ஓரங்களில் விரிசல் இல்லாமல் ஈரக் கையால் தடவிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைப்பேன். குளிர்ச்சியில் கொழுப்பு உறைந்து, பருப்பின் மாவும் இறுகிவிடுவதால், எண்ணெயில் மேலோடு உருவாகும்வரை கபாப் தன் வடிவத்தைத் தாங்கிக்கொள்கிறது.

பொரிப்பதற்கு அடிகனமான இரும்புச் சட்டியே சிறந்தது, ஏனென்றால் குளிர்ந்த கபாப்கள் விழும்போது அதன் சூடு சட்டென்று இறங்கிவிடாது. எண்ணெய் கபாபின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம், அதாவது ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் போதும். நான் வெப்பமானி வைத்துப் பார்த்தவரை, எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போதுதான் நிறமும் உள்சூடும் ஒருசேர வருகின்றன. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகைக் கலவையைப் போட்டுப் பார்க்கலாம். உடனே சுற்றிலும் சீரான குமிழ்கள் எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் அது பொன்னிறமானால் சூடு சரி. குமிழ்கள் தயங்கி வந்தால் மேலோடு உருவாவதற்கு முன்பே கபாப் எண்ணெயைக் குடித்து இளகிவிடும். போட்ட நொடியில் கறுத்தால், வெளியே கருகிய கபாபின் நடுவில் குளிர் அப்படியே இருக்கும். இந்தச் சோதனைத் துண்டு உப்பையும் பிடிப்பையும்கூடச் சொல்லிவிடுகிறது. அது உதிர்ந்தால் மீதிக் கலவையைத் திருத்துவதற்கு அப்போதும் வழியுண்டு.

24 சென்டிமீட்டர் சட்டியில் ஒரு தடவைக்கு நான்கு அல்லது ஐந்துக்கு மேல் போடுவதில்லை. போட்ட பிறகு ஏறக்குறைய மூன்று நிமிடம் கபாபைத் தொடவே கூடாது. மேலோடு இறுகும் முன் கரண்டியை நுழைத்தால் அடிப்பகுதி சட்டியிலேயே தங்கிவிடும். இறுகிய பின் சட்டியை லேசாக அசைத்தாலே கபாப் தானாக நகரும். அப்போது தட்டையான கரண்டியை அடியில் முழுவதும் செலுத்தி, மறு கையில் இன்னொரு கரண்டியால் மேலே தாங்கிக்கொண்டு திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம் ஆகும்.

கறி முன்பே வெந்துவிட்டதால் நடுப்பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைப்பது சரியல்ல. உள்ளே இருப்பது பச்சை முட்டை. கலவையும் அரைத்து, கையால் தட்டி, வெகு நேரம் வெளியே இருந்தது. ஆகவே நடுவில் 71 டிகிரி செல்சியஸாவது எட்ட வேண்டும். பச்சைக் கறிக் கோப்தாவுக்கும் இதே அளவுதான். ஆனால் உருண்டையாக இருப்பதால் சூடு மையத்தைச் சேர அதிக நேரம் பிடிக்கும், தீயையும் குறைத்துப் பல முறை உருட்டிவிட வேண்டியிருக்கும். ஷாமி கபாபை வெட்டிப் பார்த்து நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது; அது அடுப்பில் ஏறும்போதே பழுப்புதான். வெப்பமானியின் முனையைப் பக்கவாட்டில் மையம்வரை செருகிப் பார்ப்பது உறுதியான வழி. மையம் இன்னும் குறைவாக இருந்து மேலோடு சிவந்துவிட்டால், தீயைத் தணித்து மேலும் ஒரு நிமிடம் விடுவேன். மூடி போட்டால் ஆவி தங்கி மேலோடு நமுத்துவிடும்.

ஒரு தொகுதியை எடுத்ததும் சட்டியில் உதிர்ந்த துணுக்குகளை வடித்துவிட்டு, எண்ணெய் குறைந்த அளவுக்கு மேலும் ஊற்றி, அது மீண்டும் சூடேறும்வரை காத்திருந்துதான் அடுத்ததைப் போடுகிறேன். ஐதராபாத்தில் விரும்பிச் செய்யும் ஷிகம்பூரி வகையில், தண்ணீர் வடித்த கெட்டித் தயிரும் வெங்காயமும் கபாபின் நடுவில் வைக்கப்படுகின்றன. அதற்குக் கனமும் கூடும், நடுவில் ஈரமும் குளிர்ச்சியும் கூடும் என்பதால், தீயைச் சற்றுக் குறைத்துப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம்வரை ஒதுக்குகிறேன். தயிரை இரவே துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் மட்டுமே அதைத் தொடங்குகிறேன்.