சீட்டில் ‘புகைப்பழக்கம்: இல்லை’, என் உள்ளங்காலில் சீழ்க்கொப்புளம்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் கடுகு அளவில் சீழ்க்கொப்புளம் கிளம்பி, சில நாளில் பழுப்புப் புள்ளியாகக் காய்ந்து, தோல் உரிந்து, அதே இடத்தில் மறுபடியும் புதிதாக வருகிறதா? கூடவே சிகரெட்டோ பீடியோ பிடிக்கிறீர்களா? அப்படியென்றால் அது புகையோடு தொடர்புள்ள பால்மோபிளாண்டர் பஸ்டுலோசிஸ் என்ற தோல் வியாதியாக இருக்கலாம், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களாகவே அதைச் சொல்லிவிடுங்கள். என் கதையில் யாருமே கேட்கவில்லை. கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதியும் வைத்துவிட்டார்கள்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். இங்க், தின்னர், மண்ணெண்ணெய் துணி என்று நாள் முழுக்கக் கை அதில்தான். அதனால் முதலில் பார்த்த தனியார் டாக்டர் கையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “தொழிலால் வந்த அலர்ஜி, கிளவுஸ் போடுங்க” என்று முடித்துவிட்டார். கிளவுஸ் போட்டேன். அதற்குள் கை வியர்த்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். “சார், காலிலும் இதே மாதிரி இருக்கு, கால் எந்த இங்கைத் தொட்டது?” என்று கேட்டதற்கு, “அது சேற்றுப்புண், வேற விஷயம்” என்று படைக்கு ஒரு களிம்பு எழுதினார். அது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு என்று பின்னால்தான் தெரிந்தது. போட்டால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். நடுவில் தெருமுனை கிளினிக்கில் ஒருவர் ஊசி போட்டார். ஒரு வாரம் சொர்க்கம். அப்புறம் வந்தது பாருங்கள், குதிகால் முழுக்க மஞ்சள் மணிகள், செருப்பு போட முடியவில்லை. இந்த வியாதிக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டு திடீரென நிறுத்தினால் இப்படித்தான் கொதித்து எழும். “ஒரே ஊசியில சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி என்று பஸ் மாறிப் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன். காலையில் சீட்டு வாங்கி, தோல் பிரிவில் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது “பூஞ்சையா என்று பார்க்கணும், சுரண்டி எடுக்கிற டெஸ்டுக்குப் போங்க” என்றார்கள். அங்கே போனால் மேசையில் இருந்தவர் என் காலைப் பார்த்து, “களிம்பு போட்டிருக்கீங்களா? போட்டா ரிசல்ட் சரியா வராது, நிறுத்திட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார். நியாயம்தான், ஆனால் அனுப்பியவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த வாரம் போனால் அந்த அறை பதினொரு மணியோடு மூடிவிடுமாம், நாங்கள் வரிசையில் நின்றே பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஆகவே சுரண்டல் டெஸ்ட் என்றால் இரண்டு விஷயம் முன்கூட்டியே கேளுங்கள்: களிம்பை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும், அறை எத்தனை மணி வரை.

ஒருவழியாக எடுத்த டெஸ்டில் பூஞ்சை இல்லை. சின்னதாக ஒரு சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, பால்மோபிளாண்டர் பஸ்டுலோசிஸ் என்றார்கள். சொரியாசிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, சிலர் தனி வியாதி என்றும் சொல்வார்கள். கொப்புளத்தில் இருக்கும் சீழ் கிருமியால் வந்ததில்லை, அதனால் அடுத்தவருக்கு ஒட்டாது. வீட்டில் தனித் தட்டு, தனி சோப்பு என்று வைத்திருந்த கூத்து அன்றோடு முடிந்தது. முழங்கையில் பல வருஷமாக இருந்த வெள்ளைச் செதில் படையும் சொரியாசிஸ்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

முதலில் களிம்பைத் தடவி இரவில் பாலித்தீன் கவர் சுற்றிப் படுக்கச் சொன்னார்கள். அரைகுறையாகக் கேட்டது. பிறகு மெதோட்ரெக்சேட். இங்கே ஒரு எச்சரிக்கை. இது வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. டாக்டர் “செவ்வாய்க்கிழமை மட்டும்” என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் காகிதக் கவரில் ‘இரவு 1’ என்று எழுதித் தள்ளினார். தினமும் சாப்பிட்டிருந்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. நான் திரும்பப் போய்க் காட்டியபோது, “ஆமா, வாரம் ஒண்ணு” என்று பேனாவால் அடித்துத் திருத்தினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உங்கள் கவரை வீட்டில் போய்ப் பார்க்காதீர்கள், ஜன்னலிலேயே பாருங்கள். மாதா மாதம் ரத்தமும் கல்லீரலும் பார்ப்பது ஒழுங்காக நடந்தது.

மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். கொப்புளம் குறையும், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு கூட்டம் வரும். பயாலஜிக் என்ற விலை கூடிய ஊசி மருந்து போடலாமா என்று பேச்சு எழுந்தபோதுதான் வேறொரு டாக்டரம்மா என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். “அண்ணாச்சி, சிகரெட் பிடிப்பீங்களா?” என்றார். பத்து, வேலை ஏறினால் பதினைந்து என்றேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘புகை, மது: இல்லை’ என்று முதல் நாளே யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. வரிசை நீளமாக இருந்தது, கட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பிவிட்டார்கள். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அந்த அம்மா விளக்கியதை அப்படியே சொல்கிறேன். இந்தக் கை கால் வியாதி வருகிறவர்களில் பெரும்பாலானோர் புகைப்பவர்கள், அல்லது முன்பு புகைத்தவர்கள். கொப்புளம் கிளம்பும் இடம் வியர்வைக் குழாய் மேல்தோலைக் கடந்து வெளியே திறக்கும் பகுதி, அங்கே நிகோடின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் வியர்வைச் சுரப்பி நெருக்கமாக இருக்கிறது, அதனால்தான் அந்த இரண்டு இடமும் மாட்டுகிறது என்று நினைக்கிறார்கள். சாதாரண சொரியாசிஸுக்கும் புகை ஆகாது, பிடிக்கிற அளவு கூடக்கூட வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஊசி மருந்துக்கு ஏன் அவசரப்படவில்லை என்றும் சொன்னார். சொரியாசிஸுக்கு அப்படிப்பட்ட ஊசி போட்டவர்களைத் தொகுத்துப் பார்த்ததில், புகைப்பவர்களுக்கு நல்ல பலன் கிடைப்பது குறைவாகவே இருந்திருக்கிறது. “காசையும் கொட்டி, புகையையும் விடாம, மருந்து வேலை செய்யலைன்னு வருவீங்க” என்றார். ஸ்வீடனில் 2006-ல் வந்த ஓர் ஆய்வில், இதே வியாதி உள்ளவர்கள் புகையை விட்டபின் கொப்புளமும் செதிலும் சிவப்பும் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். விட்டால் குணமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. மருந்துக்கு வழி விடும் என்றுதான் சொன்னார்.

விடுவது எப்படி என்பதற்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. “கவுன்சிலர் லீவு, எப்ப வருவாங்கன்னு தெரியல.” வெளியே டீக்கடையில் நின்று என்ன செய்வது என்று யோசித்தபோது கடைக்காரர் சிகரெட் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். அதில் 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கிறது. நாங்களெல்லாம் ஒன்றொன்றாக வாங்குகிறவர்கள், பெட்டியை யார் பார்த்தது? அச்சுத் தொழிலில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையே என்று கடைக்காரர் கேலி செய்தது தனிக்கதை. அழைத்தேன், தமிழில் பேசினார்கள், புகையை விடும் நாளைக் குறிக்க வைத்தார்கள், அதன்பின் அவர்களே கூப்பிட்டும் விசாரித்தார்கள். மொத்த அலைச்சலிலும் உருப்படியாக நடந்த காரியம் இதுதான்.

நிகோடின் சூயிங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்து நீட்டினார், எப்படி மெல்வது என்று சொல்லவில்லை. சாதாரண கம் மாதிரி மென்றேன், விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்ததே தவிர சிகரெட் ஆசை போகவில்லை. போனில் பேசிய அம்மா திருத்தினார்: மெதுவாகச் சில முறை மெல்லுங்கள், மிளகு மாதிரிச் சுரீரென்றதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், சுரீர் போனதும் மறுபடி மெல்லுங்கள், ஒரு கம் அரை மணி நேரம் வரும். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, சோடா கூடாது, குடித்தால் மருந்து வாயில் சரியாக உறிஞ்சாது. எங்களுக்கு டீயும் சிகரெட்டும் சேர்ந்தே வருவதால் இதுதான் கஷ்டமாக இருந்தது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும். அதற்குச் சீட்டு கேட்பார்கள், டாக்டரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிகோடின்தானே வில்லன், கம்மிலும் அதுதானே இருக்கிறது என்று நானும் கேட்டேன். கம்மும் முழுக்கக் குற்றமற்றதில்லை, ஆனால் புகையில் இருக்கும் மற்ற ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் அதில் இல்லை, கொஞ்ச காலத்துக்குத்தான், குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. புகையை விட வைக்கும் மாத்திரைகளில் பியூப்ரோபியான் என்று ஒன்று உண்டு, அதனால் சொரியாசிஸ் கிளம்பியவர்கள் சிலர் இருப்பதால் எனக்கு வேண்டாம் என்றும் விட்டுவிட்டார். வேறு இடத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லிவிட்டே அந்த மாத்திரையை வாங்குங்கள்.

விட்டவுடன் கால் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். முதல் மாதம் தூக்கம் இல்லை, எரிச்சல், மெஷினில் பேப்பர் சிக்கினால் பையன்கள் மேல் பாய்ச்சல், அந்த டென்ஷனிலேயே ஒரு தடவை நன்றாகக் கிளம்பியது. “பாத்தியா, விட்டதாலதான் வந்துருக்கு” என்று சொல்ல நான்கு பேர் இருந்தார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும், அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி வேண்டும். காலைப் பார்த்தால் எப்போதும் அசிங்கமாகத்தான் தெரியும், ஏனென்றால் பழுப்புப் புள்ளி, உரியும் தோல் எல்லாம் பழைய சரக்கு. எண்ண வேண்டியது புதிதாக வந்த மஞ்சள் மணிகளை மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில், அதே திண்ணையில், இரண்டு பாதத்தையும் மகள் போட்டோ எடுப்பாள். அவள்தான் முதலில் சொன்னாள், “அப்பா, இடது கால்ல புதுசு ஒண்ணுகூட இல்ல.”

இப்போது கைகள் கிட்டத்தட்டத் தெளிவு. குதிகாலில் அவ்வப்போது இரண்டு மூன்று வரும், களிம்புக்கே அடங்கிவிடும். மெதோட்ரெக்சேட் அளவைக் குறைத்திருக்கிறார்கள், ஊசிப் பேச்சு நின்றுவிட்டது. முழங்கைப் படை மட்டும் அசையவே இல்லை, அடுத்த முறை போகும்போது அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். பூட்டியிருந்த அந்த அறை இப்போதும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது.