ஒரே வரிக்குள் ஒளிந்திருந்த லூப்: நேர வரம்பைத் தாண்டிய ஒரு விடையின் கணக்கு

புரோகிராமிங் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்த முதல் ஆண்டில், ஒரே பிழையை நான் ஐந்தாறு முறை வெவ்வேறு வேடங்களில் செய்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிமையானது. n ஊர்கள், அவற்றை இணைக்கும் n−1 சாலைகள். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போய்விடலாம். 1-ஆம் ஊரிலிருந்து மற்ற ஒவ்வோர் ஊருக்கும் போக எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும் என்று அச்சிட வேண்டும். n அதிகபட்சம் 2,00,000. நேர வரம்பு 2 விநாடி. அருகில் உள்ளவற்றை முதலில் பார்த்துக்கொண்டே படிப்படியாகப் பரவும் பி.எஃப்.எஸ். தேடல் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய இதை, நான் பைத்தானில் இப்படி எழுதினேன்; `adj[u]` என்பது u-வின் அண்டை ஊர்கள், `dist` முழுவதும் தொடக்கத்தில் −1:

```python
q = [1]
dist[1] = 0
while q:
    u = q.pop(0)
    for v in adj[u]:
        if dist[v] == -1:
            dist[v] = dist[u] + 1
            q.append(v)
```

கேள்வியில் கொடுத்திருந்த மாதிரியில் ஐந்து ஊர்கள்தான் இருந்தன. விடை சரியாக வந்தது. நானே கையால் எழுதிப் பார்த்த பத்து ஊர், இருபது ஊர் உள்ளீடுகளும் சரியாக வந்தன. சமர்ப்பித்தபோது முதல் பதின்மூன்று சோதனைகளைக் கடந்து, `Time limit exceeded on test 14` என்று நின்றது.

முதலில் என் சந்தேகம் தவறான இடத்துக்குப் போனது. `while`-க்குள் `for` இருக்கிறது, லூப்புக்குள் லூப் என்றால் n², ஆகவே குற்றவாளி அதுவே என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் உள் லூப் ஓர் ஊருக்கு அதன் அண்டை ஊர்களின் எண்ணிக்கை அளவுக்குத்தான் ஓடுகிறது. எல்லா ஊர்களுக்கும் சேர்த்துக் கூட்டினால், ஒவ்வொரு சாலையும் அதன் இரு முனைகளிலிருந்து இரண்டு முறை மட்டுமே பார்க்கப்படுகிறது. மொத்தம் 2(n−1), அதாவது n 2,00,000 ஆக இருக்கும்போதும் நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிடும். பார்வைக்கு இருபடி போலத் தெரிந்த பகுதி உண்மையில் நேர்கோட்டில்தான் வளர்கிறது. அடுத்து, உள்ளீட்டை வாசிப்பது மெதுவாக இருக்கலாம் என்று எண்ணி `input()`-ஐ எடுத்துவிட்டு `sys.stdin`-லிருந்து மொத்தமாக வாசித்தேன். அதே பதினான்காம் சோதனையில் அதே முடிவு வந்தது.

குற்றவாளி `q.pop(0)` என்ற, லூப்பே இல்லாததுபோல் தோன்றும் வரி. பைத்தானின் லிஸ்ட், நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் பெட்டிகளின் வரிசை. கடைசிப் பெட்டியை எடுத்தால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. முதல் பெட்டியை எடுத்தாலோ, மீதமுள்ள அத்தனையும் ஓர் இடம் முன்னால் நகர வேண்டும். கியூவில் k பேர் நின்றால், `pop(0)` ஒவ்வொரு முறையும் k−1 பேரை நகர்த்துகிறது. அந்த நகர்த்தலே இரண்டாவது லூப்; அது நான் எழுதிய கோடில் இல்லை, அந்தச் செயலுக்கு உள்ளே இருக்கிறது.

இதை அறிந்தபின்னும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இதே `pop(0)`-வை வைத்து, கட்டங்களில் குறுகிய வழி தேடும் கணக்குகள் பலவற்றை நான் ஏற்கெனவே முடித்திருந்தேன். அவை எப்படி நேரத்துக்குள் வந்தன? விடை கியூவின் நீளத்தில் இருக்கிறது. 300×300 கட்டத்தில் 90,000 அறைகள் இருந்தாலும், ஒரு மூலையிலிருந்து தேடல் பரவும்போது அதன் முன்னணி ஒரு மூலைவிட்டக் கோடு போலவே நகர்வதால், எந்த நேரத்திலும் கியூவில் ஏறக்குறைய முந்நூறு அறைகளே நிற்கும். 90,000-ஐ 300-ஆல் பெருக்கினாலும் 2.7 கோடி நகர்த்தல்கள்தாம்; அது இயந்திரத்துக்கு ஒரு பொருட்டல்ல. எல்லா ஊர்களும் ஒரே சங்கிலியாக இணைந்திருந்து, நாம் ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கியூவில் எப்போதும் ஒருவர்தான் நிற்பார், நகர்த்தல் பூஜ்யம். நான் சோதனைக்காக எழுதிய பெரிய உள்ளீடு, எழுத எளிது என்பதால், இந்தச் சங்கிலியாகவே இருந்தது. அதாவது 2,00,000 ஊர்களை வைத்துச் சோதித்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அளவு பெரிதாக இருந்தது. வடிவம் தவறாக இருந்தது.

குறையை வெளியே இழுக்கும் வடிவம் நட்சத்திரம்: 1-ஆம் ஊர் நடுவில், மற்ற எல்லா ஊர்களும் அதனோடு நேரடியாக இணைந்தவை.

```python
n = 200000
print(n)
for i in range(2, n + 1):
    print(1, i)
```

1-ஆம் ஊர் கியூவிலிருந்து வெளியே வந்த உடனே மற்ற n−1 ஊர்களும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைகின்றன. அதன்பின் ஒவ்வொன்றாக எடுக்கும்போது n−2, n−3 என்று இறங்கி வரும் நகர்த்தல்களின் கூட்டுத்தொகை (n−1)(n−2)/2. n = 2,00,000 என்றால் அது ஏறத்தாழ 2,000 கோடி. ஒவ்வொரு பெட்டியும் 64 பிட் இயந்திரத்தில் 8 பைட் என்பதால், நினைவகத்தில் 160 ஜி.பி. அளவுக்கு இடம்பெயர்ப்பு நடக்கிறது; 2 விநாடியில் அது முடிய வாய்ப்பில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பலரும் இடறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதே நட்சத்திரத்தை n = 10,000 வைத்து ஓட்டினால் நகர்த்தல்கள் 5 கோடி, பைட் கணக்கில் 400 எம்.பி. அடுத்தடுத்த நினைவகத்தை மொத்தமாக நகர்த்துவது இயந்திரம் மிக வேகமாகச் செய்யும் வேலை என்பதால், இது ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். பைத்தான் தொடங்குவதற்கும் உள்ளீட்டை வாசிப்பதற்கும் ஆகும் நேரத்தோடு அது கலந்துவிடுகிறது. "பத்தாயிரத்துக்குக் கண் இமைக்கும் நேரம், இரண்டு லட்சத்துக்கு அதைப்போல் இருபது மடங்கு, போதும்" என்று கணக்கிடத் தோன்றும். உண்மையில் அந்தப் பகுதி மட்டும் இருபது மடங்கு அல்ல, நானூறு மடங்கு வளர்கிறது. மறைந்திருக்கும் இருபடிப் படி ஒவ்வொரு முறையும் மலிவாக இருந்தால், சிறிய சோதனைகளில் அது தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை.

ஆகவே கடிகாரத்தை நம்புவதைவிட, எண்ணிப் பார்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சந்தேகப்படும் வரிக்கு முன்னால் ஒரு எண்ணியைச் சேர்த்துவிட வேண்டும். என் கோடில் `u = q.pop(0)` என்ற வரிக்கு மேலே `moves += len(q) - 1` என்று எழுதினேன். நட்சத்திரத்தில் n = 1,000 வைத்தபோது 4,98,501 வந்தது; 2,000-க்கு 19,97,001; 4,000-க்கு 79,94,001. உள்ளீடு இரட்டிப்பாகும்போது எண்ணிக்கை நான்கு மடங்காகிறது என்பது மூன்றே ஓட்டங்களில் தெரிந்துவிடுகிறது. இதற்குப் பெரிய உள்ளீடும் தேவையில்லை, இயந்திரத்தின் வேகமும் குறுக்கிடுவதில்லை. இரட்டிப்புக்கு இரண்டு மடங்கோ அதற்குச் சற்று மேலோ வந்தால் அந்த வரி நிரபராதி. அப்போது வாசிப்பு, அச்சிடுதல் போன்ற மற்ற செலவுகளைத் தேடலாம். வேகமான வாசிப்புக்கு மாறியதால் எனக்குப் பயன் கிடைக்காததன் காரணமும் இதுவே: அது நேர்கோட்டில் வளரும் ஒரு செலவைக் குறைத்தது, இருபடியைத் தொடவில்லை.

திருத்தம் சிறியதுதான். `collections` நூலகத்தின் `deque`-ஐ எடுத்து, `q = deque([1])` என்று தொடங்கி, `q.pop(0)`-க்குப் பதில் `q.popleft()` என்று எழுதினால், இரு முனைகளிலும் எடுப்பதும் சேர்ப்பதும் கியூவின் நீளத்தைச் சார்ந்திருக்காது. ஆனால் `deque`-இன் நடுவில் உள்ள ஒன்றை `q[i]` என்று எடுப்பது நீளத்துக்கு ஏற்ப மெதுவாகும். எல்லா லிஸ்டையும் `deque` ஆக்கிவிட்டால் நல்லது என்று எண்ணி, ஓர் இருபடியை நீக்கி இன்னொன்றை உள்ளே விட்டுவிடக் கூடாது. நூலகமே வேண்டாம் என்றால், லிஸ்டிலிருந்து எதையும் நீக்காமல், `while head < len(q)` என்று வைத்து, `q[head]`-ஐப் படித்து, 0-வில் தொடங்கும் `head` என்ற எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வோர் ஊரும் ஒரு முறைதான் கியூவில் நுழைகிறது என்பதால் நினைவகமும் மிகாது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, சமர்ப்பிக்கும் முன்பு லூப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், அந்த வரி ஒருமுறை ஓடினால் இயந்திரம் எத்தனை உறுப்புகளைத் தொடும் என்று தாளில் எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். `dist[v]` என்றால் 1. `x in seen` என்றால், `seen` ஒரு `set` ஆக இருந்தால் சராசரியாக 1, லிஸ்ட் ஆக இருந்தால் அதிகபட்சம் அதன் முழு நீளம். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் `seen` எங்கே உருவானது என்று மேலே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். `s[1:]` என்றால் மீதியுள்ள அத்தனை எழுத்துகளின் நகல். சி++ எழுதுவோருக்கும் இதற்கு நிகரானது உண்டு: `set<int> s` என்று வைத்துக்கொண்டு `lower_bound(s.begin(), s.end(), x)` என்று அழைத்தால், ஒப்பீடுகள் குறைவாக இருந்தாலும், நடுவுக்குத் தாவ வழியில்லாததால் உறுப்பு உறுப்பாக நடந்தே போகிறது, `s.lower_bound(x)` என்று எழுதினால் மரத்தின் ஆழம் அளவுக்கு இறங்கினால் போதும்.

இந்த ஓரக்குறிப்பு எனக்கு அதிகம் உதவியது, ஒரே உள்ளீட்டில் பல சோதனைகள் வரும் கணக்குகளில். "t அதிகபட்சம் 10,000, எல்லாச் சோதனைகளின் n-களையும் கூட்டினால் 2,00,000-ஐத் தாண்டாது" என்று கேள்வியில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் `seen = [False] * 200001` என்று எழுதினால், n வெறும் 20 ஆக இருக்கும்போதும் அந்த வரி இரண்டு லட்சம் பெட்டிகளை நிரப்புகிறது. 10,000 சோதனைகளுக்கு 200 கோடி. மாதிரியில் t = 3 என்பதால் அது தெரியவே தெரியாது. அந்த வரியின் ஓரத்தில் "2,00,000" என்று எழுதி, லூப்பின் தலையில் "10,000 முறை" என்று எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. `[False] * (n + 1)` என்று மாற்றினால், எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் மட்டுமே ஆகும்.

இப்போது என் பயிற்சிக் கோப்புறையில் மூன்று உள்ளீட்டுக் கோப்புகள் நிரந்தரமாக இருக்கின்றன: 2,00,000 ஊர்களின் நட்சத்திரம், அதே அளவுள்ள சங்கிலி, n = 20 கொண்ட 10,000 சோதனைகள். நட்சத்திரம் கியூவின் நீளத்தையும், மூன்றாவது கோப்பு தேவையற்ற மீள்நிரப்பலையும் காட்டிக்கொடுக்கின்றன. சங்கிலியில் `pop(0)` பிழைத்துக்கொள்ளும், ஆனால் தன்னைத்தானே அழைக்கும் முறையில் எழுதிய தேடல் அங்கே ஆழ வரம்பைத் தாண்டி விழுந்துவிடும்.